வெளியூரிலிருந்து வீட்டு நாஸ்: வெப்டாவா, எஸ்எம்பியா?

வீட்டு நெட்வொர்க்கில் எல்லா ஃபைல்களையும் சேமித்து வைக்கும் பெட்டியான என் நாஸ் திருச்சி வீட்டில் இருக்கிறது, அக்கா டொரண்டோவில் இருக்கிறார். வீட்டுக்குள், விண்டோஸின் வழக்கமான ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பியில் ஒரு நொடியில் திறக்கும் கல்யாண ஃபோட்டோ ஃபோல்டர், அவர் விபிஎன் வழியாக அதே எஸ்எம்பியில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் நல்ல ஃபைபர் இணைப்புதான், வேகத்துக்குக் குறைவில்லை. இடையில் இருக்கும் தூரம்தான் சிக்கல்.

அங்கிருந்து பிங் போட்டால் போய்வர சுமார் 250 மில்லிசெகண்ட். எஸ்எம்பி ஒரு ஃபைலைப் படிக்கும்போது திற, விவரம் சொல், படி, மூடு என்று தனித்தனியாகக் கேட்டு, பெரும்பாலும் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கிறது. வீட்டு வைஃபையில் ஒரு போய்வருதலுக்கு ஓரிரு மில்லிசெகண்டுதான் ஆகும் என்பதால் இது கண்ணுக்கே தெரியாது. டொரண்டோவிலிருந்து நான்கு போய்வருதல் என்றால் ஒரு ஃபோட்டோவுக்கு ஒரு நொடி. 300 ஃபோட்டோவுக்கு வெறும் காத்திருப்பே 5 நிமிடம், தரவு இறங்கும் நேரம் தனி. சில கட்டளைகளைச் சேர்த்து அனுப்பும் வசதி புதிய எஸ்எம்பியில் இருக்கிறது, ஆனால் ஆப்கள் எல்லாம் அதைப் பயன்படுத்துவதில்லை.

வெப்டாவ் அடிப்படையில் இணையப் பக்கங்கள் வரும் அதே எச்டிடிபிதான். ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றின் பட்டியலும் ஒரே `PROPFIND` கேள்விக்கு வந்துவிடும். அப்புறம் ஃபோட்டோவுக்கு ஒரு `GET`. அதே கணக்கில் 300 ஃபோட்டோவுக்கு 75 நொடி. ஆப் நான்கு இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்தால் அது இன்னும் சுருங்கும். வீடியோவின் நடுவிலிருந்து பார்க்க வேண்டும் என்றாலும் அந்தப் பகுதியை மட்டும் கேட்டு வாங்கலாம். ஆனால் 4 ஜிபி ஃபைல் ஒன்றே ஒன்றை இறக்குவதானால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது சின்ன ஃபைல்கள் குவிந்திருக்கும் இடத்தில்.

விபிஎன் இல்லாமல் எஸ்எம்பியின் 445 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடலாமே என்றால், வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது அந்த வழியில்தான். பல இணைய சேவை நிறுவனங்கள் அந்தப் போர்ட்டையே அடைத்து வைத்திருக்கின்றன. வெப்டாவை எச்டிடிபிஎஸ் மேல் வெளியே வைக்கலாம். சினாலஜி பெட்டிகளில் அதற்கான இயல்பான போர்ட் 5006. 5005 குறியாக்கம் இல்லாதது, ரௌட்டரில் அதைத் திறக்காதீர்கள். சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் தட்டும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐபி எண்ணைப் போட்டால் விண்டோஸ் இணைய மறுக்கும். பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்து தரும் சிஜிநாட்டுக்குப் பின்னால் உங்கள் இணைப்பு இருந்தால் ரௌட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. அப்போது வீட்டிலிருந்தே வெளியே இணைப்பைத் தொடங்கும் வகை விபிஎன் உதவும், அதற்குள்ளும் வெப்டாவ் ஓட்டலாம்.

போனில் வெப்டாவுக்குத் தனி ஆப் வேண்டும். ஐபோனின் ஃபைல்ஸ் ஆப்பில் எஸ்எம்பி உண்டு, வெப்டாவ் இல்லை. ஆண்ட்ராய்டில் சாலிட் எக்ஸ்ப்ளோரர் போன்றவை போதும். மேக்கில் ஃபைண்டரே இணைந்துவிடும்.

தலைவலி விண்டோஸில்தான். டிரைவாக இணைத்த பிறகு எல்லாம் சரியாகத் தெரியும், சின்ன ஃபைல்கள் நன்றாக வரும், 60 எம்பி வீடியோவை நகலெடுத்தால் மட்டும் `0x800700DF` என்று நிற்கும். நாஸில் கோளாறு தேடாதீர்கள். விண்டோஸின் `WebClient` சேவை இயல்பாக 50,000,000 பைட் வரைதான் அனுமதிக்கிறது. அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் இதைக் கொடுத்தால் 4 ஜிபி வரை உயரும், அதற்கு மேல் வழியில்லை:

```
reg add HKLM\SYSTEM\CurrentControlSet\Services\WebClient\Parameters /v FileSizeLimitInBytes /t REG_DWORD /d 0xffffffff /f
net stop webclient
net start webclient
```

இந்தச் சேவையை மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரில் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் விண்டோஸில் நான் இப்போது வெப்டாவையும் டிரைவாக இணைத்துத் தரும் ஆர்குளோன் என்ற மென்பொருளைத்தான் போட்டுத் தருகிறேன்.

எஸ்எம்பி வெல்லும் இடம் ஒன்று உண்டு: ஃபைலை இருந்த இடத்திலேயே திருத்துவது. 300 எம்பி அவுட்லுக் பிஎஸ்டி ஃபைலில் நான்கு எழுத்து மாறினால், எஸ்எம்பி அந்தத் துண்டை மட்டும் எழுதும். வெப்டாவின் `PUT` பொதுவாக முழு ஃபைலையும் மறுபடி ஏற்றும். நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி ஃபைல்கூட மிஞ்சலாம். அதற்காக டொரண்டோவிலிருந்து எஸ்எம்பியில் டேலி தரவைத் திறந்து வேலை செய்யலாம் என்று சொல்லவில்லை. அந்த 250 மில்லிசெகண்ட் அங்கேயும் காத்திருக்கும். அக்கா அப்பாவின் கடைக் கணக்கைப் பார்க்க, வீட்டுக் கம்ப்யூட்டருக்கே ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்துவிடுகிறார். ஃபோட்டோவுக்கு மட்டும் வெப்டாவ்.