குதிரையின் ஃபோர்க்: கதையா, புதிரா?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். குதிரை ஒரே தாவலில் இரண்டு காய்களைத் தாக்கும் ஃபோர்க்கைக் கதையாகவும் தொடங்கலாம், ஒரே வகைப் புதிர்களாகவும் தொடங்கலாம்.

கதை சட்டென்று மனதில் ஒட்டும். d5-இல் நிற்கும் வெள்ளைக் குதிரை, காவலில்லாத c7-க்குத் தாவி, e8-இல் உள்ள ராஜாவையும் a8-இல் உள்ள கோட்டையையும் ஒரே நேரத்தில் மிரட்டுகிறது. "ராஜா தப்பிச்சு ஓடணும், கோட்டை பாவம், மாட்டிக்கிச்சு!" செக் கொடுத்துக்கொண்டே தாக்குவது ஏன் பலமானது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பலகையில் அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்கக் கதை உதவாது, அதற்குப் புதிர்தான். குதிரை, ராஜா, கோட்டை மூன்றும் ஒரே நிறக் கட்டத்தில் நின்றால் தேடச் சொல்லுங்கள். d5, e8, a8 மூன்றுமே வெள்ளைக் கட்டங்கள். நிறம் மாறியிருந்தால் ஒரே தாவலில் ஃபோர்க் வராது.

புதிரின் தொல்லை வேறு. எல்லாமே ஃபோர்க் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை யோசிக்காமல் தாவும். அதனால் நடுவே, கறுப்பு ராணி d8-இல் நிற்கும் புதிர் ஒன்றைச் செருகுவேன். c7-க்குத் தாவினால் ராணி குதிரையை வெட்டிவிடும். "சார், ஏமாத்திட்டீங்க!" என்று கத்துவார்கள். சரி, கத்தட்டும்.

என்னைக் கேட்டால், கதை ஒன்று போதும். அப்புறம் வாரம் முழுக்கப் புதிர், அதுவும் கலந்து.