டாக்ஸிபிராக்ஸியா, வயர்மாக்கா: பக்கத்து சர்வீஸ் ஸ்லோ ஆனா என்ன ஆகும்னு டெஸ்ட் பண்ண நாங்க எதுக்கு மாறினோம்

எங்க ஆர்டர் சர்வீஸ் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஸ்டாக் சர்வீஸை ஒரு தடவை கூப்பிடும். ஸ்பிரிங் பூட், ரெசிலியன்ஸ்4ஜே, ரீட் டைம்அவுட் 2 செகண்ட், ரீட்ரை மொத்தம் 3 அட்டெம்ப்ட், நடுவுல 500 மில்லிசெகண்ட் கேப், சர்க்யூட் பிரேக்கருக்கு கடைசி 20 கால்ல பாதி ஃபெயில் ஆனா ஓபன், அதாவது ஸ்டாக் சர்வீஸை கூப்பிடாமலே உடனே எரர் குடுத்துடும். இதை ஒன்றரை வருஷம் வயர்மாக் வச்சுதான் டெஸ்ட் பண்ணோம், இப்ப டாக்ஸிபிராக்ஸிக்கு மாறிட்டோம். ரெண்டையும் வச்சு வேலை பார்த்ததால இதை எழுதுறேன், என் சாய்வு டாக்ஸிபிராக்ஸி பக்கம்தான்னு இப்பவே சொல்லிடுறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: வயர்மாக் ஒரு டம்மி எச்டிடிபி சர்வர், இந்த யூஆர்எல் வந்தா இந்த ஜேசன் குடு, 5 செகண்ட் லேட்டா குடுன்னு எழுதி வைக்கலாம், அதுக்குப் பேருதான் ஸ்டப். டாக்ஸிபிராக்ஸி ஷாப்பிஃபை எழுதினது, அது பதில் எதையும் தயாரிக்காது, உங்க சர்வீஸுக்கும் நிஜ சர்வீஸுக்கும் நடுவுல டிசிபி பிராக்ஸியா உக்காந்து வர்ற டேட்டாவை தாமதப்படுத்தும், நிறுத்தும், கனெக்ஷனை அறுக்கும். எச்டிடிபின்னா என்னன்னே அதுக்கு தெரியாது, அதனாலதான் ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் முன்னாடியும் அதையே வைக்க முடியுது.

எங்களை மாற வச்சது பராமரிப்பு ஒண்ணுதான். வயர்மாக்ல ஸ்டப் எழுதுறது லேசு, ஆனா ஸ்டாக் சர்வீஸ் மாற மாற அந்த ஸ்டப்பும் மாறணும், அதை யாரு ஞாபகம் வச்சு மாத்துறது? எங்க ஃபோல்டர்ல நாப்பது ஃபைல் சேர்ந்துடுச்சு. ஒரு சமயம் ஸ்டாக் டீம் `available`ங்கிற ஃபீல்டை ரெண்டா பிரிச்சாங்க, எங்க ஸ்டப் பழைய ஜேசனையே குடுத்துட்டு இருந்துச்சு, ரீட்ரை டெஸ்ட் எல்லாம் பச்சை. ஸ்டேஜிங்ல பார்த்தா நிஜ பதிலை எங்க கோடு பார்ஸ் பண்ண முடியாம எக்ஸப்ஷன் அடிக்குது, அந்த எக்ஸப்ஷனையும் ஃபெயில்னு எண்ணி பிரேக்கர் ஓபன் ஆகுது. ஸ்டாக் சர்வீஸ் நல்லா ஓடிட்டு இருக்கு, நாங்க அது டவுன்னு நினைச்சு அரை நாள் நெட்வொர்க்கை தோண்டிட்டு இருந்தோம். டாக்ஸிபிராக்ஸி பின்னாடி நிக்கிறது நிஜ ஸ்டாக் சர்வீஸோட கண்டெய்னர், அதனால இந்த மாதிரி மாற்றம் முதல் ரன்லயே தெரிஞ்சிடும். நாங்க பார்த்துக்க வேண்டியது ஒரு போர்ட் நம்பர், அவ்ளோதான்.

```
toxiproxy-cli create -l 0.0.0.0:18080 -u stock:8080 stock
toxiproxy-cli toxic add -t latency -n slow -a latency=1700 stock
toxiproxy-cli toxic remove -n slow stock
```

இந்த 1700ங்கிற நம்பர் சும்மா போட்டதில்ல. வயர்மாக் காலத்துல பிரேக்கருக்குன்னு எங்ககிட்ட ரெண்டே டெஸ்ட்தான் இருந்துச்சு, ஒண்ணு 5 செகண்ட் தாமதம், இன்னொண்ணு முழுசா டவுன், ரெண்டுலயும் பிரேக்கர் ஒழுங்கா ஓபன் ஆச்சு. டாக்ஸிபிராக்ஸி வந்தப்புறம் லோடு ஓடிட்டு இருக்கும்போதே தாமதத்தை 300, 800, 1700னு ஏத்திப் பார்த்தோம், 1700ல சர்வீஸ் படுத்துடுச்சு, ஆனா பிரேக்கர் க்ளோஸ்டாவே இருக்கு! கணக்கு போட்டா புரியும். ஸ்டாக் சர்வீஸோட சொந்த நேரம் 80 மில்லிசெகண்ட், அதோட 1700 சேர்ந்தா சுமார் 1.8 செகண்ட், டைம்அவுட் 2 செகண்டுக்குள்ள வந்துடுது, அதனால பிரேக்கர் கண்ணுக்கு அது சக்சஸ். ஆனா செகண்டுக்கு 150 ரிக்வெஸ்ட் வருது, ஒவ்வொண்ணும் 1.8 செகண்ட் த்ரெட்டை பிடிச்சுக்குது, 150 × 1.8 = 270 த்ரெட் வேணும், டாம்கேட்டோட டீஃபால்ட் 200தான். சாதாரண நாள்ல 12 த்ரெட்டுல ஓடுற வேலை இது. டைம்அவுட்டைத் தாண்டுற ஸ்லோவை விட டைம்அவுட்டுக்குள்ளயே நிக்கிற ஸ்லோதான் ஆளைக் கொல்லும். ரெசிலியன்ஸ்4ஜேல ஸ்லோ காலையும் எண்ண வழி இருக்கு, ஆனா `slowCallDurationThreshold`க்கு டீஃபால்ட் 60 செகண்ட், அதாவது நாம மாத்தலைன்னா 2 செகண்ட் டைம்அவுட் இருக்கிற இடத்துல அது இருந்தும் இல்லாத மாதிரி. 1 செகண்டுக்கு இறக்கி, `slowCallRateThreshold`ஐ 50 ஆக்கினோம், அதுக்கப்புறம் அதே 1700ல பிரேக்கர் ஓபன் ஆச்சு.

ஓபன் ஆனதும் இன்னொரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. பிரேக்கர் ஓபன்ல இருந்தா பதில் உடனே வரணும், ஆனா கிராஃப்ல சரியா 1 செகண்ட்ல கோடு போட்ட மாதிரி நிக்குது. ஸ்பிரிங் பூட்ல ரீட்ரை வெளிய, பிரேக்கர் உள்ள, அதுதான் டீஃபால்ட் வரிசை. பிரேக்கர் `CallNotPermittedException` வீசினா ரீட்ரை அதையும் சாதாரண ஃபெயில்னு நினைச்சு இன்னும் ரெண்டு தடவை தட்டுது, நடுவுல ரெண்டு 500, ஆக 1 செகண்ட் வீண். அந்த எக்ஸப்ஷனை ரீட்ரையோட `ignoreExceptions`ல சேர்த்ததும் கோடு தரைக்கு வந்துடுச்சு. நியாயமா சொல்லணும்னா இந்த ரெண்டு பிரச்சனையையும் வயர்மாக்லயும் பிடிச்சிருக்கலாம், அதுலயும் தாமதத்தை ஓட்டத்துல மாத்த வழி இருக்கு. ஆனா ஸ்டப் எழுதுறவங்க கையில எப்பவும் 5000னு ஒரே நம்பர்தான் வந்துச்சு.

டவுன் டெஸ்ட் பத்தியும் சொல்லணும். நிறைய பேர் `docker stop` போட்டுட்டு டவுன் டெஸ்ட் முடிஞ்சதுன்னு நினைச்சுக்கிறாங்க. அதுல சில மில்லிசெகண்ட்லயே எரர் வந்துடும், பிரேக்கரும் சீக்கிரம் ஓபன் ஆகும், அது சுலபமான கேஸ். கனெக்ஷன் இருக்கு ஆனா ஒரு பைட்டும் வரலைங்கிறதுதான் கஷ்டமானது. டாக்ஸிபிராக்ஸில `timeout` டாக்ஸிக்கை 0னு வச்சா கனெக்ஷனை மூடாமலே டேட்டாவை மட்டும் நிறுத்தி வைக்கும். பிரேக்கர் ஓபன் ஆகுறதுக்கு முன்னாடி வந்த ரிக்வெஸ்டுங்க எங்களுக்கு 7 செகண்ட் எடுத்துச்சு, மூணு ரெண்டு செகண்டும் ரெண்டு அரை செகண்டும். எங்களுக்கு முன்னாடி இருக்கிற கேட்வே 5 செகண்ட்லயே விட்டுட்டுப் போயிடும், அதாவது மூணாவது அட்டெம்ப்ட் யாருக்குமே இல்லாத பதிலுக்காக ஓடுது. ரீட்ரையை 2 ஆக்கிட்டோம், இப்ப 4.5ல முடியுது.

வயர்மாக்கை முழுசா தூக்கி எறியல. முதல் ரெண்டு தடவை 503 குடு, மூணாவது 200 குடுங்கிறதை டாக்ஸிபிராக்ஸியால செய்யவே முடியாது, வயர்மாக்ல சினாரியோ வச்சு செய்யலாம், எத்தனை கால் வந்துச்சுன்னு எண்ணியும் பார்க்கலாம். அந்த வேலைக்கு மட்டும் மூணு ஸ்டப் வச்சிருக்கோம், பதில்ல ஜேசனே இல்ல, ஸ்டேட்டஸ் கோடு மட்டும்தான், அதனால பழசாகுறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

சர்வீஸ் மெஷ்ஷான இஸ்டியோல, வேணும்னே தாமதமும் எரரும் புகுத்துற ஃபால்ட் இன்ஜெக்ஷன் இருக்கேன்னு கேப்பீங்க. நான் அதை கொஞ்ச நாள்தான் தொட்டேன், அதனால பெருசா தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு, கிளையன்ட் பக்கம் ஃபால்ட் போட்டா அதே ரூட்ல எழுதின டைம்அவுட்டும் ரீட்ரையும் வேலை செய்யாது, ரீட்ரையை மெஷ்லயே வச்சிருக்கிறவங்க இதை கவனிக்கணும்.

டாக்ஸிபிராக்ஸிக்கு மாறுறவங்களுக்கு ரெண்டு இடம் இடிக்கும். எச்டிடிபிஎஸ் போனா சர்ட்டிஃபிகேட்ல இருக்கிற பேரும் நீங்க கூப்பிடுற பேரும் ஒத்துப் போகாது, டாக்கர் நெட்வொர்க்ல பிராக்ஸிக்கு அந்த நிஜ ஹோஸ்ட் பேரையே அலியாஸா குடுத்து தப்பிச்சோம். ரெண்டாவது, கனெக்ட் டைம்அவுட்டை இதுல டெஸ்ட் பண்ண முடியாது, ஏன்னா ஹேண்ட்ஷேக்கை பிராக்ஸியே உடனே முடிச்சுடும், தாமதம் அதுக்கப்புறம் வர்ற டேட்டாவுக்குதான். அதுக்கு ஐபிடேபிள்ஸ்ல அந்த போர்ட்டுக்கு `DROP` போடுறோம், அந்த ஒரு டெஸ்ட் மட்டும் தனி ஜாபா ராத்திரி ஓடுது.