ஜெர்மனியா, இத்தாலியா: ஃபீஸ் இல்லாத படிப்புக்கு ஒரு குரோம்பேட்டைக் கணக்கு

அண்ணன் மகள் மெக்கானிக்கல் முடித்துவிட்டு எம்.எஸ்.ஸுக்கு ஜெர்மனி என்று தீர்மானித்திருந்தாள். வீட்டில் நால்வர். அண்ணனுக்கு வருடச் சம்பளம் சுமார் 9 லட்சம், சொந்தமாகக் குரோம்பேட்டையில் 900 சதுர அடி ஃபிளாட், பேங்கில் 5 லட்சம். விசாவுக்காக முன்கூட்டியே அங்கே பூட்டிப் போட வேண்டிய பிளாக்டு அக்கவுண்ட் தொகையைப் பார்த்ததும் அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது: “ஃபீஸே இல்லங்கிறான், அப்புறம் எதுக்குடா 12 லட்சம்?”

முதலில் அந்த “ஃபீஸே இல்லை”யைச் சரிபார்த்துவிடலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்மைதான். செமஸ்டர் கட்டணம் என்று சில நூறு யூரோ வாங்குவார்கள், பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்தில் இருந்து கட்டணம் வாங்குகிறது. இலவசப் பட்டியல்களில் இன்னும் உலவும் நார்வேயை அடித்துவிடுங்கள், 2023-லேயே நம்மவர்களுக்குக் கட்டணம் வந்துவிட்டது.

சரி, அந்த 12 லட்சம். ஒரு வருடத்துக்கு உங்களால் சாப்பிட்டு, வாடகை கொடுத்து இருக்க முடியும் என்பதற்கு ஜெர்மனி கேட்கும் ஆதாரம்தான் பிளாக்டு அக்கவுண்ட். மாதம் 992 யூரோ வீதம் 12 மாதத்துக்கு 11,904 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 11.9 லட்சம். இது ஃபீஸ் இல்லை, பிள்ளையின் பணமே மாதாமாதம் பிள்ளைக்குத் திரும்பி வரும். சிக்கல் தொகையில்கூட இல்லை, நேரத்தில் இருக்கிறது. விசாவுக்கு முன்பே முழுத் தொகையும் அங்கே போய் உட்கார வேண்டும்.

கல்விக்கடன் வாங்கிப் போகிறவர்கள் இடறுவது இங்கேதான். அண்ணனின் பேங்க் கடனை சாங்ஷன் செய்துவிட்டு, “விசா காப்பி கொண்டு வாங்க, ரிலீஸ் பண்றோம்” என்றது. விசாவோ பிளாக்டு அக்கவுண்ட் சான்று இல்லாமல் கிடைக்காது. கடைசியில் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து, மீதிக்கு அண்ணியின் நகையை அடகு வைத்துத்தான் பணம் அனுப்பினார்கள். விசாவுக்கு முன்பே பணம் தரும் பேங்குகளும் உண்டு. சாங்ஷன் கடிதத்தில் அது எழுத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

பணம் அனுப்பியதிலும் ஒரு கூத்து. சரியாக 11,904 யூரோ அனுப்பினோம். இடையில் கைமாற்றிய பேங்க் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ள, 23 யூரோ குறைவாகப் போய்ச் சேர்ந்தது. குறை நிரம்பும்வரை சான்று வரவில்லை. ஃபாரத்தில் எல்லாக் கட்டணமும் அனுப்புபவரின் பொறுப்பு என்பதற்கு OUR என்று ஒரு தேர்வு உண்டு. அதை டிக் செய்து, கூடவே ஐம்பது யூரோ சேர்த்து அனுப்பியிருந்தால் பத்து நாள் மிச்சம்.

இந்தப் பணத்தோடு சேர்த்து ஜெர்மனி கேட்கும் இன்னொரு காகிதம் ஏபிஎஸ் சான்று. நம் பட்டமும் மார்க் ஷீட்டும் உண்மையானவைதானா என்று டெல்லியில் சோதித்துத் தருவது. 2022 நவம்பரில் இருந்து கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்க வேண்டும்.

இப்போது இத்தாலி. அங்கே பிளாக்டு அக்கவுண்ட் கிடையாது. செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டினால் போதும், அதை யாரும் பூட்டி வைப்பதில்லை. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணமும் குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான். இரண்டையும் சேர்த்து அளக்கும் எண்ணின் பெயர் ISEE. அது ஆண்டுக்கு 22,000 யூரோவுக்குள் இருந்தால் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை, வட்டார வரியும் முத்திரைக் கட்டணமும் மட்டும்.

அண்ணன் குடும்பத்தை வைத்தே போட்டுப் பார்த்தேன். வருமானம் 9,000 யூரோ. 900 சதுர அடி என்பது ஏறக்குறைய 83.6 சதுர மீட்டர். வெளிநாட்டு வீட்டுக்குச் சந்தை விலையை எல்லாம் பார்க்க மாட்டார்கள், சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று ஒரே மதிப்புதான். குரோம்பேட்டையும் ஒன்று, போயஸ் தோட்டமும் ஒன்று! ஆக வீடு 41,800, பேங்க் இருப்பு 5,000, சொத்து மொத்தம் 46,800. அதில் 20 சதவீதம், அதாவது 9,360-ஐ வருமானத்தோடு கூட்டினால் 18,360. நான்கு பேர் குடும்பத்துக்கு 2.46-ஆல் வகுக்க வேண்டும். வந்த எண் சுமார் 7,460. கழிவுகளைப் பார்க்காமலேயே வரம்பில் மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த எண்ணை வைத்து மண்டல அரசு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் ஜெர்மனியைவிட மலிவு. ஆனால் இங்கே கழுத்தை அறுப்பது காகிதம். 2025-26 கல்வியாண்டுக்கு அவர்கள் பார்ப்பது 2023-ன் வருமானம், அந்த வருடம் டிசம்பர் 31-ல் இருந்த பேங்க் இருப்பு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் வருமானத்துக்கும் சான்று, வீட்டின் பரப்பளவுக்குச் சான்று, எல்லாவற்றுக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அப்போஸ்டில் முத்திரை, இத்தாலிய மொழிபெயர்ப்பு. வருமானமே இல்லாத பாட்டி அதே ரேஷன் கார்டில் இருந்தால், இல்லை என்பதற்கும் காகிதம் கேட்பார்கள்.

உதவித்தொகையும் உறுதியில்லை. “தகுதி உண்டு, நிதி இல்லை” என்று ஒரு பட்டியலே அங்கே வெளியாகும். கிடைத்தாலும் தவணையாகத்தான் வரும். முதல் வருடத்தில் குறித்த அளவு கிரெடிட் தேறாவிட்டால் இரண்டாம் தவணை நிற்கும், வாங்கியதையும் திருப்பிக் கேட்கலாம்.

மொழி விஷயத்தில் முதுநிலைக்கு இரண்டு நாட்டிலும் ஆங்கிலப் படிப்புகள் இருக்கின்றன, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணோடு சேரலாம். பிளஸ் டூ முடித்த கையோடு போகிறவர்களுக்குத்தான் ஜெர்மனி வேறு முகம் காட்டும். அங்கே இளநிலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில், சி1 என்ற உயர்நிலை அளவு கேட்பார்கள். பிளஸ் டூ மட்டும் வைத்து நேரடியாகச் சேரவும் பொதுவாக முடியாது. ஸ்டுடியன்கோலெக் என்ற ஆயத்த வருடம், இல்லையென்றால் இங்கே கல்லூரியில் ஒரு வருடம், அல்லது தொழில்நுட்பப் படிப்பென்றால் ஜேஇஇ அட்வான்ஸ்ட் தேர்ச்சி. நுங்கம்பாக்கம் கோதே நிறுவனத்தில் ஏ1 என்ற தொடக்க நிலையில் சேர்ந்து நான்கே மாதத்தில் கிளம்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இத்தாலி பன்னிரண்டு வருடப் பள்ளிப்படிப்பையே ஏற்கும்.

என் கணக்கில், 12 லட்சத்தை ஆறு மாதத்துக்குப் புரட்ட முடிகிற குடும்பத்துக்கு ஜெர்மனி நிம்மதி, ஏனென்றால் தொகை முன்பே தெரியும். அப்படிப் புரட்ட முடியாது, ஆனால் காகிதத்தின் பின்னால் அலைய ஆளிருக்கிறது என்றால் இத்தாலி. அண்ணன் முதல் வகை, மகளும் ஜெர்மனிதான் போனாள்.

போன பிறகுதான் ஒன்றைச் சொன்னாள். விமானம் இறங்கியதும் 992 யூரோ வந்துவிடாது. ஊரில் முகவரியைப் பதிய வேண்டும், அங்கே ஒரு சாதாரணக் கணக்கு திறக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பூட்டு திறக்கும். முகவரி பதிய அறை வேண்டும், அறைக்கு அட்வான்ஸ் வேண்டும், சட்டப்படி மூன்று மாத வாடகைவரை கேட்கலாம். செப்டம்பர் கடைசியில் போனவளுக்கு முதல் பணம் நவம்பரில் வந்தது. அதுவரை அவளைக் காப்பாற்றியது, கிளம்பும்போது அண்ணி ஃபாரெக்ஸ் கார்டில் தனியாகப் போட்டுக் கொடுத்த 2,000 யூரோ.