முற்றத்துக்குச் செங்கல் பாவக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: 2,400 கல்லுக்குப் பணம் கொடுத்தேன், கிடந்தது 1,400

பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டு முற்றத்தைப் போன ஆடியில் செங்கல் பாவக் கொடுத்தேன். ஐப்பசி மழை இரண்டு வாரம் பெய்ததும் தாழ்வாரத் தூணோரம் தண்ணீர் தேங்கி நின்றது. நடந்தால் கல் டக் டக்கென்று ஆடியது. செட்டிநாட்டில் பழைய வீட்டைச் செப்பனிட வெளியூரிலிருந்து போனிலேயே வேலை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முற்றம் 8 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 40 சதுர மீட்டர். நம் கணக்கில் 430 சதுர அடி. எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் அண்டா ஏற்றிச் சமைப்பதும் அங்கேதான், வண்டிகளை உள்ளே ஏற்றி நிறுத்துவதும் அங்கேதான். அதனால் கல்லைப் படுக்கப்போடாமல் குத்தாக நிறுத்திப் பாவ வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். குத்தாக என்றால் செங்கல்லின் மூன்று அங்குல விளிம்பு மேலே தெரியும், நாலே கால் அங்குல அகலம் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி நிற்கும். பக்கத்துக் கல்லோடு ஒட்டி நிற்கும் பரப்பும் அதிகம் என்பதால் சக்கரம் ஏறினாலும் கல் கிளம்பாது. கல் அதிகம் பிடிக்கும், செலவு கூடும், அது தெரிந்தேதான் கேட்டேன்.

வேலை எடுத்தவர் பொருளும் கூலியும் சேர்த்துத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் பெயரையும் ஊரையும் நான் இங்கே எழுதவில்லை. அவர் தந்த கணக்கு இது: சதுர மீட்டருக்கு 60 கல் வீதம் 2,400 கல், கல் பத்து ரூபாய். அடியில் நாலு அங்குலத்துக்கு எம்-சாண்ட் 3 யூனிட். இணைப்பு பூச சிமெண்ட் 12 மூட்டை. நான் கோயம்புத்தூரில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. படத்தில் கல் குத்தாகத்தான் நின்றது. முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

மழைக்கு அப்புறம் ஊருக்கு வந்தபோது, கொத்தமங்கலத்திலிருந்து ஒரு வயதான கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கல்லைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்துவிட்டு, "குத்தாப் பாவச் சொன்னீங்களா தம்பி? இதெல்லாம் படுத்துல்ல கெடக்கு" என்றார். எனக்குப் புரியவில்லை. டேப்பை விரித்து, வரிசைகளுக்குக் குறுக்கே ஒரு மீட்டருக்கு வைத்து, "எத்தன வரிசன்னு எண்ணுங்க" என்றார். எட்டுதான் வந்தது. "குத்தா நின்னா பன்னெண்டு வரணும்" என்றார். தாழ்வாரத்தை ஒட்டி ஓரத்தில் ஒரே ஒரு வரிசை மட்டும் குத்தாக நின்றது. எனக்கு வந்த படம் அந்த ஓரத்தை எடுத்ததுதான்.

இந்த எட்டும் பன்னிரண்டும் எப்படி வருகின்றன என்று அன்று இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் கல் 23 சென்டிமீட்டர் நீளம், 11 அகலம், 7.5 உயரம். இணைப்புக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டால், படுக்கப்போட்ட கல் ஒன்று பிடிக்கும் இடம் 24-க்கு 12. அப்படியானால் சதுர மீட்டருக்கு 35 கல். குத்தாக நிறுத்தினால் 24-க்கு 8.5, சதுர மீட்டருக்கு 49 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டினாலும் 52-ஐத் தாண்டாது. 40 சதுர மீட்டருக்கு 2,060 கல் போதும். அவர் 60 என்று எழுதியதே கூடுதல். அதற்கு மேல், படுக்கப்போட்டதால் தரையில் கிடந்தது 1,400 கல்தான். ஆயிரம் கல்லின் விலை, பத்தாயிரம் ரூபாய், எங்கேயோ போய்விட்டது. குத்தாகப் பாவுவதற்கென்று கூலியும் கூட்டி வாங்கியிருந்தார்.

சதுர மீட்டருக்கு 49 என்பது எங்கள் கல்லுக்கான கணக்கு, அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். செங்கல் அளவு சூளைக்குச் சூளை மாறும், ஒரே லோடிலும் அரை சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கும். கல் வந்து இறங்கியதும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் நூல் கட்டி, மணல்கூட இல்லாமல் வெறுந்தரையில் குத்தாக அடுக்கி எண்ணிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. அந்த எண்ணிக்கையைப் பரப்போடு பெருக்கினால் போதும், யாருடைய கணக்கும் வேண்டாம்.

மறுநாள் கொத்தனார் தூணோரம் நாலு கல்லைப் பெயர்த்தார். அப்போதுதான் மற்றதும் வெளிவந்தது. சேம்பர் சூளைக் கல் என்பதால் ஒரு முகத்தில் சூளையின் எழுத்து பதித்த பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் அடியில் வரும்படி கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பள்ளத்துக்குள் மணல் ஏறவே இல்லை, கல் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தது. தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்டதும் ஆடியதும் அதனால்தான். குத்தாக நின்றால் இந்தப் பள்ளம் பக்கவாட்டில் திரும்பி இணைப்புக்குள் வந்துவிடும், மேலிருந்து தள்ளுகிற மணலே அதை நிரப்பிவிடும்.

இணைப்பில் சிமெண்ட் மேலே கட்டைவிரல் தடிமனுக்கு மட்டும் பூசியிருந்தது, அதற்குக் கீழே வெறும் மணல். இதற்கும் கணக்கு உண்டு. ஒரு சென்டிமீட்டர் இணைப்பு என்றால், குத்தாகப் பாவிய சதுர மீட்டருக்கு 17 லிட்டர் கலவை பிடிக்கும். படுக்கப்போட்டால் ஆழம் குறைவு, அதனால் 9 லிட்டர். ஒன்றுக்கு நாலு கலவையில் முழு ஆழத்துக்கும் ஒழுங்காக நிரப்பியிருந்தால்கூட, குத்தாக நின்ற 40 சதுர மீட்டருக்கு ஆறு மூட்டையைத் தாண்டாது. இவர் போட்டது ஒரு மூட்டைக்கு மேல் இருக்காது. எழுதியது 12.

சிமெண்ட் கணக்கைவிட எனக்கு அதிகம் உறைத்தது வேறு விஷயம். மணல் படுக்கைமேல் சிமெண்ட் இணைப்பே போடக் கூடாதாம். மணல் மழைக்கும் பாரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சிமெண்ட் இறங்காது, அதனால் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி மணலை அரித்துக்கொண்டு போகும். மணலில் பாவினால் இணைப்பும் மணல்தான். சிமெண்ட் இணைப்புதான் வேண்டும் என்றால் அடியில் கான்கிரீட் போட வேண்டும். அதையும் இதையும் கலந்து சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

நாலு அங்குல மணல் என்றதும் அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, தாராளமாகப் போடுகிறார் என்று நினைத்தேன். அது தவறு. பாரத்தைத் தாங்குவது மணல் இல்லை, அதற்கு அடியில் தண்ணீர் விட்டுத் திம்ஸ் கட்டையால் இடித்து இறுக்கிய கிராவல். மணல் கல்லை மட்டமாக உட்கார வைப்பதற்கு மட்டும்தான், இறுகிய பிறகு இரண்டு அங்குலம் இருந்தால் போதும். நாலு அங்குலம் போட்டால் ஓரிடம் அதிகமாகவும் ஓரிடம் குறைவாகவும் இறங்கும். எங்கள் முற்றத்தில் கிராவலை வாட்டம் பார்த்து அடிக்கவே இல்லை, பள்ளத்தை மணலால் மேவியிருந்தார்கள். தூணோரம் ஐந்து அங்குல மணல், நடுவில் ஒரு அங்குலம். தண்ணீர் எங்கே தேங்கியது என்று மேலே சொன்னேனே, அங்கேதான்.

ஐந்து சென்டிமீட்டர் மணல் என்றால் சதுர மீட்டருக்கு 50 லிட்டர், 40 சதுர மீட்டருக்கு 2 கன மீட்டர். லாரியில் வருவது உதிரி மணல், இறுகும்போது குறையும். கால் பங்கு கூட்டினால் இரண்டரை கன மீட்டர், சுமார் 90 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆக ஒரு யூனிட்டில் வேலை முடிந்துவிடும். மூன்று யூனிட் எழுதியிருந்தார்.

தோண்டிய ஆழத்தைப் பார்த்திருந்தால் கல் இறங்கும் முன்பே எனக்குத் தெரிந்திருக்கும். குத்தாக நிறுத்த, மணலும் சேர்த்து 16 சென்டிமீட்டர் வேண்டும். படுக்கப்போடப் பன்னிரண்டரை போதும். எங்கள் வீட்டில் தூணோரப் பள்ளத்தைத் தவிர வேறெங்கும் பன்னிரண்டுக்கு மேல் தோண்டவில்லை. இப்போது யார் கேட்டாலும், கிராவல் அடித்து முடித்ததும் தாழ்வாரப் படிக்கல்லிலிருந்து நூல் பிடித்து, டேப்போடு ஒரு படம் அனுப்பச் சொல்லிச் சொல்கிறேன். பிறகு பாவும்போது முற்றத்தின் நடுவில் டேப்பை வைத்து இன்னொரு படம்.

முதலில் வேலை எடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஓரத்துல நிப்பாட்டித்தானே அண்ணே குடுத்திருக்கேன்" என்றார். 60 கல் கணக்கைக் கேட்டதும், "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றார். அப்புறம் போனை எடுக்கவில்லை. குத்தாக என்று நான் வாயால்தான் சொன்னேன். பில்லில் 'செங்கல் பாவுதல்' என்று மட்டும் இருந்ததால் கேட்க வழியில்லை.

தை பிறந்ததும் கொத்தனாரே பிரித்துத் திரும்பப் பாவினார். பெயர்த்ததில் 1,300 கல் தேறியது. மங்கலாக வெந்தவை, இரண்டு கல்லை மோதவிட்டால் மணிபோல் ஒலிக்காதவை, எல்லாவற்றையும் ஒதுக்கினார். புதிதாக 950 வாங்கினேன். இந்த முறை இணைப்பு அரை சென்டிமீட்டர்தான் என்பதால் சதுர மீட்டருக்கு 53 கல் பிடித்தது. கிராவலை மட்டப்பலகை வைத்து, சாக்கடை வாய்ப்பக்கம் 5 மீட்டருக்கு 7 சென்டிமீட்டர் வாட்டம் விட்டு அடித்தார். சாக்கடை வாயோரம் மட்டும் கடைசி வரிசையை கான்கிரீட்டில் இறுக்கினார், அந்தப் பக்கம் தாங்கிப் பிடிக்க ஏதும் இல்லாததால். மற்ற மூன்று பக்கமும் தாழ்வாரக் கல்லே பிடித்துக்கொள்கிறது.

இணைப்புக்குச் சலித்த காய்ந்த மணலைக் கொட்டி விளக்குமாற்றால் தள்ளினார்கள். இந்த அளவு இணைப்புக்குச் சதுர மீட்டருக்கு 9 லிட்டர், எழுத்துப் பள்ளத்துக்கு ஒரு 4 லிட்டர் என்று வைத்து அரை கன மீட்டர் கணக்கிட்டோம், சரியாக இருந்தது. அப்புறம் தண்ணீர் தெளித்து, பலகை வைத்துத் தட்டி, பத்து நாள் கழித்து இறங்கிய இடத்தில் மறுபடியும் தள்ளினார்கள். முதல் மழைக்குப் பிறகு இன்னொரு தடவை தள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கென்று இரண்டு சாக்கு மணலும் மீந்த நூறு கல்லும் கிணற்றடியில் கிடக்கின்றன.