பழைய பேரேடு வாங்குவோர் கவனத்துக்கு: காகிதம் அசல், எழுத்து போலி

1874-ஆம் ஆண்டுக் குடும்ப வணிகப் பேரேடு என்று விற்கப்பட்ட ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது. காகிதமும் தையலும் பழையவைதான். முதல் 58 பக்கக் கணக்கும் அசல். அதற்குப் பின் காலியாகக் கிடந்த பக்கங்களில்தான் கைவரிசை காட்டியிருக்கிறார்கள். கப்பல் மூழ்கிச் சரக்கு போனது, பங்காளிகள் பிரிந்தது என்று சுவையான பதிவுகளைப் புதிதாக எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். விலை ஏறியதே அவற்றால்தான்.

புற ஊதா விளக்கில் எடுத்த படங்களை விற்றவர் சான்றாக அனுப்பியிருந்தார். ஏறத்தாழ 1950-க்குப் பிந்தைய காகிதங்கள் பலவற்றில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் இருப்பதால் அவை அந்த ஒளியில் பளீரென நீலமாக மின்னும். இது மின்னவில்லை. ஆனால் அந்தச் சோதனை காகிதத்தின் வயதைத்தான் சொல்லும், எழுத்தின் வயதைச் சொல்லாது. கட்டுமானமும் அப்படித்தான். யாரும் பிரித்துத் தைக்காத புத்தகத்தில் தையலைப் பார்த்து என்ன பயன்?

குட்டு வெளிப்பட்டது பூச்சி அரித்த துளையில். எழுதிய பிறகு பூச்சி அரித்திருந்தால் கோடு துளையின் விளிம்பில் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். முதல் பக்கங்களில் அப்படியே இருந்தது. 63-ஆம் பக்கத்தில், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால், துளையின் உள்விளிம்பு முழுக்க மை ஊறியிருந்தது. அடுத்த தாளில் அதே இடத்தில் ஒரு புள்ளி. துளை விழுந்த பிறகு எழுதினால்தான் இப்படி ஆகும்.

மையும் ஒத்துப்போகவில்லை. அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய இரும்பு மை காகிதத்துக்குள் இறங்கும். ஆண்டுகள் போகப் பெரும்பாலும் பழுப்பாகும். எதிர்ப்பக்கத்தில் மங்கிய நிழலும் பதியக்கூடும். 58 வரை இவை மூன்றும் உண்டு, பிறகு ஒன்றுகூட இல்லை. கருப்பாக இருப்பதாலேயே போலி என்று முடிவுகட்டக் கூடாது, சில மைகள் கருப்பாகவே நிற்கும். எழுத்தோரம் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய தாளில் பசைப்பூச்சு நலிந்திருப்பதால் புது மை நார்வழியே பரவும்.

இவற்றையெல்லாம்விட உறுதியானது கணக்கு. பேரேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் அருகே, அது எந்தக் குறிப்பேட்டுப் பக்கத்திலிருந்து வந்தது என்ற எண் ஒரு சிறு பத்தியில் இருக்கும். 59 முதல் அந்தப் பத்தி வெறுமை. ஒருவர் கணக்கில் பற்று வைத்த தொகைக்கு வேறெந்தக் கணக்கிலும் வரவு இல்லை. 58-இன் அடியில் முன்னெடுத்துச் சென்ற இருப்பு 1,312, அடுத்த பக்கத் தொடக்கத்திலோ 2,040.

இதையெல்லாம் காட்டிக் கேட்டபோது, விற்றவர் எழுத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

பணம் கட்டும் முன் மூன்று படங்கள் கேளுங்கள்: எழுத்தின் குறுக்கே போகும் பூச்சித் துளை ஒன்று மிக நெருக்கத்தில், அதே தாளின் பின்புறம், கையெழுத்தோ நிறமோ மாறும் இடத்தில் அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் மொத்தத் தொகை தெரியும்படி. தர மறுத்தால் வாங்காதீர்கள்.