ஸ்கோர் பக்கத்தில் போலிங்கும் வெப்சாக்கெட்டும்: பல சீசன்கள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

திருகோணமலையில் நடக்கும் கடினப்பந்துப் போட்டிகளுக்கு நானும் நண்பர்களும் ஒரு சின்ன ஸ்கோர் பக்கம் நடத்துகிறோம். ஏகாம்பரம் மைதானத்தில் ஸ்கோரர் தன் போனில் ஒவ்வொரு பந்தையும் பதிவார். பார்ப்பவர்கள் நிலாவெளி பஸ்ஸிலும் இருப்பார்கள், லண்டனிலும் டொரன்டோவிலும் இருப்பார்கள். இந்தப் பக்கம் முதலில் சேர்வரைத் திரும்பத் திரும்பக் கேட்கும் போலிங்கில் ஓடியது, பிறகு சேர்வரே ஸ்கோரைத் தள்ளிவிடும் வெப்சாக்கெட்டுக்கு முழுக்க மாறியது, இப்போது இரண்டையும் வைத்து ஓடுகிறது. இரண்டோடும் நெடுநாள் பழகியதில் கண்டதை எழுதுகிறேன்.

போலிங் என்றால், பிரவுசர் சில நொடிக்கு ஒருமுறை சேர்வரிடம் "இப்போது ஸ்கோர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. கிரிக்கெட்டுக்கு இது அவ்வளவு மோசமான வழியல்ல. சர்வதேச டி20இல் ஒரு இனிங்ஸின் 20 ஓவரையும் 85 நிமிடத்தில் வீசி முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு பந்துக்கு ஏறக்குறைய 42 நொடி. எங்கள் ஊர்ப் போட்டிகளும் அதை ஒட்டித்தான் போகும். பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டால், நாலு கேள்வியில் மூன்றுக்குப் பதில் "மாற்றமில்லை" என்பதே. அதற்குத்தான் பதிலின் பதிப்பை அடையாளம் காட்டும் `ETag` இருக்கிறது. ஸ்கோர் மாறாவிட்டால் சேர்வர் உள்ளடக்கம் எதையும் அனுப்பாமல் `304 Not Modified` என்று மட்டும் சொல்லிவிடும். ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்து ஒரு கிலோபைட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மூன்று மணிநேரப் போட்டிக்கு ஒரு மெகாபைட் சொச்சம்தான் ஆகும். டேட்டா கார்ட் போட்டுப் பார்ப்பவருக்கும் அது பாரமில்லை. போனின் பற்றரிக்குத்தான் கொஞ்சம் பாரம். பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தால் அதன் ரேடியோ ஓய்வெடுக்க இடமே கிடைக்காது.

போலிங்கில் கவனிக்க வேண்டிய ஒன்று, `setInterval` போட்டு விட்டுவிடக் கூடாது என்பது. சிக்னல் மெலிந்த இடத்தில் ஒரு பதில் வர பதினைந்து நொடி ஆனால், அதற்குள் அடுத்த கேள்வியும் கிளம்பிவிடும். பிந்திக் கேட்டதற்கான பதில் முந்தி வந்து, பழைய பதில் அதன்மேல் வந்து விழுந்தால், 142 என்று இருந்த ஸ்கோர் கண்முன்னே 138 ஆக இறங்கும். ஒரு பதில் வந்து முடிந்த பிறகே `setTimeout` மூலம் அடுத்த கேள்வியை அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

வெப்சாக்கெட்டுக்கு மாறியதற்குக் காரணம் மைதானத்துக்குள்ளேயே இருந்தது. பந்தலின் ஓரத்தில் ஒரு பெரிய டிவியில் ஸ்கோர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தோம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்த சனம், உடனே டிவியைத் திரும்பிப் பார்க்கும். பத்து நொடிக்கு ஒருமுறை கேட்கும் பக்கம் சராசரியாக ஐந்து நொடி பிந்தும். டொரன்டோவில் இருப்பவருக்கு அந்த ஐந்து நொடி தெரியவே தெரியாது, ஒப்பிட அவரிடம் வேறொன்றும் இல்லை. பந்தலில் நிற்பவருக்கு அது பெரிய நேரம்.

வெப்சாக்கெட் 2011இல் RFC 6455 என்ற தரமாக வெளிவந்தது. சாதாரண HTTP கேள்வியாகத் தொடங்கி, சேர்வர் `101 Switching Protocols` என்று சொன்னதும் அதே இணைப்பு இருபக்கமும் பேசக்கூடிய வழியாக மாறிவிடும். அதன்பின் பிரவுசர் கேட்கத் தேவையில்லை. ஸ்கோரர் நான்கைத் தட்டியதும் சேர்வர் எல்லோருக்கும் தள்ளிவிடும். சின்னச் செய்திக்கு மேலதிகமாக ஏறுவது இரண்டே பைட். டிவியில் ஸ்கோர் மாறும் வேகத்தைப் பார்த்த அன்று எங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

சிக்கல் சத்தமில்லாமல் வந்தது. நெடுநாள் பயன்படுத்தினால் மட்டும் பிடிபடும் சங்கதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருநாள் மழைக்காக ஆட்டம் அரை மணிநேரம் நின்று, மறுபடி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வழக்கமாகப் பார்க்கும் ஓர் அண்ணன் அழைத்தார்.

"தம்பி, மழை இன்னும் விடல்லையா? 16.1லயே நிக்குதே."

"விட்டு மூணு ஓவர் போட்டாச்சு அண்ணன். பக்கத்த ஒருக்கா ரிஃப்ரெஷ் பண்ணுங்க."

ரிஃப்ரெஷ் செய்ததும் சரியானது. அவருடைய திரையில் பிழைச் செய்தி எதுவும் வந்திருக்கவில்லை. "நேரலை" என்ற பச்சைப் புள்ளியும் எரிந்தபடியே இருந்திருக்கிறது. அரை மணிநேரம் ஒரு செய்தியும் போகாததால், இடையில் இருந்த மொபைல் வலையமைப்பின் முகவரி மாற்றும் கருவி அந்த இணைப்பைத் தன் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டது. நீக்கியதை அது இருபக்கத்துக்கும் சொல்வதில்லை. செய்தி வரக் காத்திருக்க மட்டும் செய்யும் பிரவுசர் எதையும் அனுப்புவதில்லை, ஆகவே இணைப்புச் செத்ததை அது அறிய வழியே இல்லை. `readyState` 1, அதாவது திறந்திருக்கிறது என்றே காட்டும். சேர்வர் பக்கமும் உடனே அறியாது. லினக்ஸின் இயல்பு அமைப்பில், பதில் வராத தரவைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் கைவிட ஏறக்குறைய கால் மணிநேரம் எடுக்கும். TCPயின் சொந்த `keepalive` சோதனையோ, இயக்கியிருந்தாலும் இரண்டு மணிநேரம் சும்மா கிடந்த பிறகுதான் தொடங்கும்.

போலிங்கில் இப்படி நடக்காது. அடுத்த கேள்வி தோற்றவுடன் பிழை கையில் இருக்கும், பக்கத்தில் "இணைப்பு இல்லை" என்று காட்டிவிடலாம். என் பார்வையில் இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் வேகம் அல்ல, இதுதான். தாமதமான ஸ்கோரைச் சனம் பொறுக்கும். பழைய ஸ்கோரைப் புதியது என்று காட்டுவது பொய்.

இதே போலத் தோன்றும் இன்னொரு கோளாறும் உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. சேர்வருக்கு முன்னால் இடைத்தரகராக nginx இருந்தால், சேர்வரில் இருந்து 60 நொடி ஒன்றும் வராதபோது `proxy_read_timeout` இணைப்பை வெட்டிவிடும். தண்ணீர் இடைவேளையில் எல்லோருக்கும் ஒரேமாதிரி அறுந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே. இது வெளிப்படையான அறுப்பு. பிரவுசரில் `onclose` நடக்கும், குறியீடு 1006 என்று வரும். மௌனமாகச் செத்த இணைப்பில் `onclose` வராது. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் Network பகுதிக்குப் போய், வெப்சாக்கெட் வரியைத் திறந்து Messages பார்த்தால், கடைசிச் செய்தியின் நேரம் தெரியும். மைதானத்தில் பந்து போய்க்கொண்டிருக்க, அந்த நேரம் பத்து நிமிடம் பழையதாக இருந்து, வரி இன்னும் திறந்தபடி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு இதயத்துடிப்பு. வெப்சாக்கெட்டில் ping, pong என்ற ஏற்பாடு இருக்கிறது. சேர்வர் ping அனுப்பினால் பிரவுசர் தானாகவே pong சொல்லும், ஆனால் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, தானாக ping அனுப்பவும் அதனால் முடியாது. ஆகவே சேர்வர் 20 நொடிக்கு ஒருமுறை ஒரு சாதாரணச் செய்தியையே துடிப்பாக அனுப்புகிறது. பிரவுசர் கடைசியாக ஏதாவது வந்த நேரத்தைக் குறித்து வைக்கிறது:

```js
let last = Date.now();
function onMessage(e) {
  last = Date.now();
  const m = JSON.parse(e.data);
  if (m.type === "score") show(m);
}
setInterval(() => {
  if (Date.now() - last > 50000) reconnect();
}, 5000);
```

50 நொடி என்றால் இரண்டு துடிப்பு தவறியும் பொறுத்துப் பார்க்கிறோம் என்று பொருள். அதே 20 நொடித் துடிப்பு nginx வெட்டுவதையும் வலையமைப்பு மறப்பதையும் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. `reconnect` உள்ளே ஒரு நுணுக்கம்: பழைய இணைப்பில் `close()` அழைத்துவிட்டு `onclose` வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மறுமுனையின் விடைபெறும் செய்திக்காகப் பிரவுசர் காத்திருக்கும், செத்த இணைப்பில் அது வரப்போவதில்லை. பழையதன் கையாளிகளைக் கழற்றிவிட்டு, `last` நேரத்தைப் புதுப்பித்து, புதியதை உடனே திறக்க வேண்டும். சேர்வரை மறுதொடக்கம் செய்யும்போது எல்லோரும் ஒரே நொடியில் வந்து மோதாமல் இருக்க, ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபட்ட காத்திருப்பு வைப்பதும் தேவை.

இணைப்பு திரும்பினாலும், இடையில் தவறிய பந்துகள் தானாக வந்து சேராது. செய்தியாக "நான்கு ஓட்டம்", "விக்கெட்" என்று மாற்றத்தை மட்டும் அனுப்பும் வடிவம் அழகாகத் தெரியும், ஆனால் நம்ப முடியாது. 16.1இல் 138/4 என்று வைப்போம். 16.2இல் நான்கு, 16.3இல் விக்கெட். இரண்டும் ஒருவருக்குத் தவறிவிட்டன. 16.4இல் ஒரு ஓட்டம் வந்தால் அவர் திரையில் 139/4, உண்மையில் 143/5. அந்தப் பிழை இனிங்ஸ் முடியும்வரை கூடவே வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் முழு நிலையையும், ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணோடு அனுப்புகிறோம்:

```json
{"type":"score","seq":101,"runs":143,"wkts":5,"over":"16.4"}
```

கையில் இருப்பதைவிடச் சின்ன `seq` வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். இணைந்ததும் முதல் செய்தியாகச் சேர்வர் இதையே அனுப்புவதால், தவறியதைத் தேடிப் பிடிக்கும் வேலையும் இல்லை. நடுவர் நான்கை ஆறாக மாற்றினாலும், ஸ்கோரர் துடுப்பில் பட்ட ஓட்டத்தை லெக்பை என்று திருத்தினாலும், அடுத்த முழு நிலை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். போலிங்கின் பதிலும் இதே வடிவம்தான். அதனால் இரண்டையும் ஒரே `show` கையாள்கிறது.

இப்போதைய ஏற்பாட்டில் பந்தல் டிவியும் ஸ்கோரரின் போனும் வெப்சாக்கெட்டில் ஓடுகின்றன. மற்ற எல்லோருக்கும் பத்து நொடிப் போலிங். வெப்சாக்கெட் இரண்டு முறை தொடர்ந்து தோற்றால் டிவியும் போலிங்குக்கு இறங்கிவிடும். பின்னால் மறைந்து கிடக்கும் டேப்புகளுக்கு ஒரு விசேட ஏற்பாடும் இருக்கிறது. குரோம் 88ஆம் பதிப்பில் இருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே ஓட விடும். ஆகவே பக்கம் மறுபடி கண்ணுக்குத் தெரிந்து `visibilitychange` நடந்தவுடன் டைமருக்குக் காத்திராமல் ஒருமுறை கேட்டுவிடுகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் சிலர் எல்லோருக்கும் வெப்சாக்கெட் கொடுக்கும்படி கேட்டார்கள், கொடுத்தும் பார்த்தோம். போட்டியின் நேரலை வீடியோவையும் பக்கத்து டேப்பில் பார்ப்பவர்களிடம் இருந்துதான் முதல் முறைப்பாடு வந்தது. வீடியோ துண்டு துண்டாகச் சேர்ந்து வருவதால் ஸ்கோரைவிடப் பல நொடி பிந்தும். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கும் முன்பே விக்கெட் விழுந்ததைப் பக்கம் சொல்லிவிடுகிறது என்றார்கள். அவர்களுக்காகப் பக்கத்தில் "30 நொடி பிந்திக் காட்டு" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். வந்த நிலைகளை வரிசையில் நிறுத்தி, நேரம் ஆனபின் ஒவ்வொன்றாக விடும். போலிங்கோ வெப்சாக்கெட்டோ, எதில் வந்தாலும் அந்த வரிசைக்கு ஒன்றுதான்.