சிலிண்டர் பட்டையில் 'C-19' என்று இருந்தது. படிக்கத் தெரியாமல் 4,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

நான்கு நாள்தான் ஆகிறது, கோபம் இன்னும் அடங்கவில்லை. வீடு மாறினோம். கேஸ் இணைப்பை மாற்றித் தர ஏஜென்சியில் ஒரு வாரம் கேட்டார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு வாரம் அடுப்பில்லாமல் எப்படி? தெருமுனையில் அடுப்பு ரிப்பேர் செய்யும் கடை ஒன்று உண்டு. அங்கே போய்க் கேட்டேன். "ஃபுல் சிலிண்டரே இருக்கு தம்பி, 4,500 குடுங்க, வேணாம்னா திருப்பி எடுத்துக்கறேன்" என்றார்.

வாயில் இருந்த பிளாஸ்டிக் சீலைக் காட்டி, "பிரிக்கவே இல்ல பாருங்க" என்றார். அந்த சீலைப் பார்த்துத்தான் நம்பினேன். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் C-19 என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. "இது என்னண்ணே?" என்றேன். "அது கம்பெனி வரிசை நம்பர் தம்பி" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் இரவு சமையலறையில் கேஸ் நாற்றம். ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரைக் கழற்றினேன். கழற்றிய பிறகும் சிலிண்டர் வாயில் உஸ்ஸென்ற சத்தம் நிற்கவில்லை. கயிற்றில் தொங்கும் மூடியை அழுத்திப் போட்டதும்தான் நின்றது. சிலிண்டரை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழைத்தேன்.

வந்த மெக்கானிக் வால்வைப் பார்க்கும் முன்பே பட்டையில் டார்ச் அடித்தார். "சார், இது 2019 செப்டம்பரோட முடிஞ்சுபோச்சு" என்றார். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், C ஜூலை முதல் செப்டம்பர், D அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் இருக்கும் எண் ஆண்டு. அந்தக் காலாண்டு முடிவதற்குள் சிலிண்டர் சோதனைக்குப் போயாக வேண்டும். இது கேஸ் கெட்டுப்போகும் தேதி இல்லை. கேஸ் கெடாது, இரும்பும் வால்வுக்குள் அடைப்பாக இருக்கும் ரப்பரும்தான் கெடும். என் சிலிண்டர் கசிந்தது அந்த ரப்பர் காய்ந்து போய் வால்வு சரியாக மூடாததால்தான்.

சோதனையில் என்ன செய்வார்கள் என்றும் கேட்டேன். கேஸை முழுக்க எடுத்துவிட்டு, துரு, நசுங்கல் எல்லாம் பார்ப்பார்களாம். ஈரத்தரையில் நிற்பதால் அடிவளையத்தின் பக்கம்தான் துரு அதிகம் தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் தகடு மெலிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க வெற்று எடையைப் போட்டுப் பார்க்கிறார்கள். பட்டையில் 15.6 கிலோ என்று இருந்து, அதில் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தால் அந்த சிலிண்டரைக் கழித்துவிட வேண்டும். அப்புறம் தண்ணீர் நிரப்பி, உள்ளே கேஸ் வழக்கமாகத் தரும் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு கொடுத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் என்பதால் சிலிண்டர் தாங்காமல் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது.

அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிரப்பும் ஆலைக்குக் காலி சிலிண்டர் வரும்போதே, தேதி தாண்டியவற்றைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். அப்படியென்றால், இத்தனை வருடம் தாண்டிய ஒன்று ஃபுல்லாக என் கைக்கு வந்தது எப்படி? பெரும்பாலும் எங்கோ ஒரு ஷெட்டில், வேறு சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு மாற்றியிருக்கிறார்கள். சீலையும் அவர்களே போட்டிருக்கிறார்கள்.

காலையில் கடைக்குப் போனேன். "ஓனர் இல்ல, நாளைக்கு வாங்க" என்றான் பையன். மறுநாள் ஓனர் இருந்தார். "கேஸ் என்ன பாலா தம்பி, தேதி முடிஞ்சா கெட்டுப்போறதுக்கு?" என்றார். 4,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "பில் இருக்கா?" என்றார். அவர் பில்லே கொடுக்கவில்லை! நேற்றிலிருந்து போனையும் எடுப்பதில்லை. 4,500 ரூபாய், குழந்தை தூங்கும் அறைக்குப் பக்கத்திலேயே கசிவு.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். சிலிண்டர் வந்ததும், கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும்போதே மூன்று பட்டைகளின் உள்பக்கத்தையும் பாருங்கள். காலாண்டு தாண்டியிருந்தால் வாங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். தேதி சரியாக இருந்தாலும் வால்வு கசியலாம், அதனால் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளிக்கடையில் வாங்கவே வாங்காதீர்கள். வீட்டு சிலிண்டர் கம்பெனியின் சொத்து, நாம் டெபாசிட் மட்டும்தான் கட்டுகிறோம். விற்க அந்த ஆளுக்கு உரிமையே இல்லை.

சிலிண்டரை மெக்கானிக் எடுத்துப் போய்விட்டார். பட்டையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.